கொழும்புக்குப் போய்வந்த பயணச் செலவு: நிதிப் பிரிவு திருப்பி அனுப்பாதபடி கிளெய்ம் எழுதுவது எப்படி

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துக் கிளை அலுவலகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சீக்கிரமே ஒரு கொழும்புப் பயணம் வந்துவிடும். பயிற்சி, கூட்டம், ஆவணம் கையளிப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். போய்வருவது பிரச்சினையில்லை. வந்தபிறகு பஸ் டிக்கெட், விடுதி பில், ஓட்டோக்காரர் எழுதித் தந்த துண்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பதுதான் பிரச்சினை.

உங்கள் கிளெய்மைப் பார்க்கப்போகிறவர் பெரும்பாலும் தலைமை அலுவலகத்தில் இருப்பவர். அவருக்கு உங்களையும் தெரியாது, கினிகத்தேனைப் பக்கத்து வளைவுகளையும் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் அவர் இரண்டு விஷயங்களைத் தேடுவார்: இந்தப் பணம் செலவானதற்கு ஆதாரம் எது, இதைக் கொடுக்கலாம் என்று பயணக் கொள்கையின் எந்தச் சரத்து சொல்கிறது. இரண்டுக்கும் பதில் அந்த வரியிலேயே இருந்தால் சரி பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். இல்லாவிட்டால் கிளெய்ம் முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவார். ஒரு வரிக்குப் பதில் வரும்வரை மற்ற வரிகளும் சேர்ந்து காத்திருக்கும்.

அதனால் எல்லா வகைப் பயணத்தையும் பற்றிச் சொல்லாமல் ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து கணக்கு முடியும்வரை செய்து காட்டுகிறேன். தனியார் நிறுவனம் அல்லது தொண்டு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரச அலுவலகம் என்றால் உள்நாட்டுப் பயணச் செலவுக்குத் தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயம் இருக்கிறது. படிவமும் வேறு. ஆனாலும் வரிக்கு வரி ஆதாரமும் சரத்தும் காட்டும் முறை அங்கேயும் உதவும்.

புறப்படும் முன்: கொள்கையில் ஐந்தாறு வரி

உங்கள் நிறுவனத்தின் பயணக் கொள்கையைப் பஸ் ஏறும் முன் வாசியுங்கள். முழுவதும் வேண்டாம். எந்த வாகனத்தில் போகலாம், தங்க ஒரு இரவுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு என்ன முறை, டிக்கெட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், முற்பணத்தை எப்படித் தீர்ப்பது ஆகியவற்றைப் பார்த்து, சரத்து எண்களை ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்காக நான் இப்படி ஒரு கொள்கையை வைத்துக்கொள்கிறேன். எண்களும் தொகைகளும் விளக்கத்துக்கு மட்டும்தான், உங்களுடையவை வேறாக இருக்கும்.

சரத்து 4.2 பஸ், ரயில், ஓட்டோவுக்கு உண்மையான கட்டணத்தைத் தருகிறது. சரத்து 4.3இன்படி, டிக்கெட் கிடைக்காத குறுகிய பயணங்களுக்குச் சொந்த உறுதிமொழி போதும், ஆனால் ஒரு பயணத்துக்கு 200 ரூபாவுக்கு மேல் போகக்கூடாது. வாடகை வாகனம் என்றால் சரத்து 4.5: முகாமையாளரின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். தங்குமிடத்துக்கு சரத்து 5.1, ஒரு இரவுக்கு 9,000 ரூபா வரை, பில் மூலப்பிரதியோடு. சாப்பாட்டுக்கு சரத்து 6.2: காலை 600, பகல் 900, இரவு 1,000 என்று நிலையான படி. பில் தேவையில்லை. ஆனால் விடுதியோ பயிற்சி நடத்துபவர்களோ தரும் வேளைக்குப் படி கிடையாது. இரவு 8 மணிக்குப் பிறகு வீடு திரும்பினால் அன்றைய இரவுப் படி உண்டு. சரத்து 8.1 ஏழு வேலை நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது. மிச்ச முற்பணத்தைக் கிளெய்மோடு சேர்த்தே திருப்பச் சொல்வது சரத்து 8.3.

இவற்றில் 6.2 போன்ற சரத்துதான் புதியவர்களை அதிகம் தடுமாற வைக்கும். நிலையான படி என்றால் நீங்கள் 400 ரூபாவுக்குச் சாப்பிட்டாலும் 1,400 ரூபாவுக்குச் சாப்பிட்டாலும் அதே படிதான். சில நிறுவனங்களில் இதற்கு மாறாகப் பில் காட்டி உண்மையான செலவை எடுக்க வேண்டும். எந்த முறை என்று தெரியாமல் போனால், தேவையான பில்லை எடுக்காமல் வருவீர்கள், அல்லது தேவையில்லாத பில்களை அடுக்கிக் கொண்டுவருவீர்கள்.

பயணத்தில்: பற்றுச்சீட்டைப் பிடிப்பது

நம்முடைய உதாரணத்தில் ஹட்டன் கிளை உத்தியோகத்தர் ஒருவர் ஜூலை 16 செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்படுகிறார். புதன், வியாழன் இரண்டு நாளும் கொழும்பில் பயிற்சி. வியாழன் பின்னேரம் திரும்ப வேண்டும். முற்பணமாக 30,000 ரூபா வாங்கியிருக்கிறார்.

போகும்போது இ.போ.ச. பஸ், இயந்திரத்தில் அச்சடித்த டிக்கெட், 600 ரூபா. இந்த மாதிரி டிக்கெட்டும் கடை பில்லும் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்து பதியும் தாள். வெயில், எண்ணெய்க் கை, ஒட்டும் டேப், பிளாஸ்டிக் உறை எதுவும் அதற்கு ஆகாது. எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். அதனால் கையில் வாங்கியதும் போனில் படம் எடுத்துவிடுங்கள். திகதி, தொகை, கொடுத்தவர் பெயர் மூன்றும் படத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். டிக்கெட்டைச் சாதாரணக் கடதாசி உறையில் போடுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் சட்டைப் பையில் வைத்த எதுவும் ஈரமாகிவிடும்.

புறக்கோட்டையிலிருந்து விடுதிக்கு அப் மூலம் ஓட்டோ எடுத்தால் பற்றுச்சீட்டு மின்னஞ்சலுக்கே வந்துவிடும். புறப்பட்ட இடம், இறங்கிய இடம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். நிதிப் பிரிவுக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. தெருவில் கை காட்டி நிறுத்திய ஓட்டோ என்றால், ஒரு துண்டுக் கடதாசியில் திகதி, எங்கிருந்து எங்கே, தொகை, வாகன இலக்கம் எழுதிச் சாரதியிடம் கையெழுத்து வாங்குங்கள். இறங்கிய பிறகு கேட்டால் அவர் போய்விடுவார், ஏறும்போதே சொல்லி வையுங்கள்.

விடுதியில் அறைக்குப் போகும் முன்னர் வரவேற்பு மேசையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: பில் நிறுவனத்தின் பெயரில் வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி, அதாவது வற், 18 வீதம். உங்கள் நிறுவனம் வற் பதிவு பெற்றது என்றால், செலவில் கட்டிய வற் வரியைக் கணக்கில் கழிக்க நிதிப் பிரிவுக்கு முறையான வரி விலைப்பட்டியல் தேவை. அதில் விடுதியின் வற் இலக்கமும் உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, வற் இலக்கமும் இருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் வெறும் பில் வந்தால் அதற்கு அது உதவாது. இந்த விவரங்களை அலுவலகத்தில் கேட்டுப் போனில் வைத்துக்கொண்டு போனால் மேசையில் நின்று தேட வேண்டியதில்லை. சிறிய விடுதி வற் பதிவு இல்லாததாக இருக்கலாம். அப்படியென்றால் சாதாரண பில் போதும், ஆனால் அதில் வற் என்று ஒரு தொகை சேர்த்திருக்கக்கூடாது. சேர்த்திருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். கார்டில் கட்டினால் இயந்திரம் தரும் சிறிய சீட்டு பணம் கட்டியதை மட்டும்தான் காட்டும், எதற்கு என்று காட்டாது. பில்லும் வேண்டும்.

நம் உத்தியோகத்தரின் விடுதி பில் 17,700 ரூபா. காலை உணவோடு அறை இரண்டு இரவுக்கு 8,500 வீதம் 17,000, சலவைக்கு 700.

பாதை மூடிய நாள்

வியாழன் பின்னேரம் கித்துல்கலைக்கும் கினிகத்தேனைக்கும் இடையில் மண்சரிவு, ஏ7 வீதி மூடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழையில் இது நமக்குப் புதிதில்லை. அவர் கண்டி பஸ்ஸில் ஏறுகிறார். கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி வழியாக ஹட்டன் வரலாம். ஆனால் கண்டிக்கு வந்து சேரும்போது அன்றைய கடைசி ஹட்டன் பஸ் போயிருக்கும். ஹட்டனுக்குப் போக வேண்டிய இன்னும் இருவரோடு சேர்ந்து வான் ஒன்று பேசுகிறார்: 9,000 ரூபா, ஆளுக்கு 3,000.

கிளெய்ம் திரும்பி வருவது இந்த மாதிரி வரியால்தான். கொள்கை வாடகை வாகனத்தை முற்றாகத் தடுக்கவில்லை, முன் அனுமதி கேட்கிறது. ஆகவே வானில் ஏறும் முன் முகாமையாளருக்கு வட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுத வேண்டும்:

"சேர், ஏ7 வீதி மூடியிருப்பதால் கண்டி வழியாக வருகிறேன். ஹட்டனுக்கு இன்றைய பஸ் முடிந்துவிட்டது. மூவர் சேர்ந்து வான் எடுக்கிறோம், என் பங்கு 3,000 ரூபா. சரத்து 4.5இன் கீழ் அனுமதி தேவை."

அவர் "சரி, அனுமதி" என்று எழுதியதும் திகதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். போனில் வாயால் கேட்டு வாங்கிய அனுமதி அவசரத்துக்கு உதவும், ஆனால் பைலில் போட அதில் ஒன்றுமில்லை. அழைப்பு முடிந்ததும் "இப்போது பேசியபடி" என்று தொடங்கி அதையே எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

வாதத்துக்கு இன்னும் வலு வேண்டுமென்றால், கண்டியில் ஒரு இரவு தங்கியிருந்தால் 9,000 ரூபா வரையும் மறுநாள் பஸ் கட்டணமும் போயிருக்கும் என்பதை விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். நிறுவனத்துக்கு எது குறைந்த செலவு என்ற கேள்வி நிதிப் பிரிவின் மனதில் எப்போதும் இருக்கும்.

வான் சாரதியிடம் ஆளுக்கு ஒரு பற்றுச்சீட்டாக 3,000 என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 9,000க்கு ஒன்றை மட்டும் வாங்கினால் மூலப்பிரதி ஒருவரிடம் போய்விடும், மற்ற இருவரும் நகலோடு நிற்க வேண்டும். பாதை மூடியதற்கு அன்றைய செய்தியின் படம், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை வெளியிட்ட அறிவித்தல் ஒன்று இருந்தால் இணையுங்கள். கொழும்பில் வெயில் அடித்த நாளில் இங்கே பாதை மூடியிருந்ததை அங்கே இருப்பவர் எப்படி அறிவார்?

சுருக்கப் பட்டியல்

வந்த மறுநாளே எழுத உட்காருங்கள். முதலில் ஆதாரங்களைத் திகதி வரிசையில் அடுக்கி இலக்கம் போடுங்கள். பற்றுச்சீட்டுக்கு ப, உறுதிமொழிக்கு உ, அனுமதிக்கு அ. இலக்கத்தைப் பற்றுச்சீட்டின் மேல் எழுதாமல், ஏ4 தாளில் அதை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், எழுத்தில்லாத ஓரத்தில் மட்டும் ஸ்டேப்பிள் அடியுங்கள். பற்றுச்சீட்டில் எழுதியிருக்கும் தொகையையோ திகதியையோ ஒருபோதும் திருத்தாதீர்கள், தெளிவுக்காக மேலே பேனா ஓட்டவும் வேண்டாம். மங்கிவிட்டால் போனில் எடுத்த படத்தை அச்சிட்டுப் பக்கத்தில் வையுங்கள். சிங்களத்தில் கையால் எழுதிய பில் என்றால் அது எதற்கான பில் என்று பட்டியலில் தெளிவாக எழுதுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் அலுவலகத்தில் ஒருவரிடம் வாசித்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள், ஊகத்தில் எழுத வேண்டாம்.

நம் உதாரணத்தின் பட்டியல் இது:

| திகதி | விவரம் | ஆதாரம் | சரத்து | ரூபா |
|---|---|---|---|---|
| 16 | ஹட்டன் – கொழும்பு, இ.போ.ச. பஸ் | ப1 | 4.2 | 600 |
| 16 | புறக்கோட்டை – விடுதி, ஓட்டோ | ப2 | 4.2 | 480 |
| 16, 17 | தங்குமிடம், 2 இரவு × 8,500 | ப3 | 5.1 | 17,000 |
| 17, 18 | விடுதி – பயிற்சி நிலையம், பஸ், 3 × 60 | உ1 | 4.3 | 180 |
| 18 | பயிற்சி நிலையம் – புறக்கோட்டை, ஓட்டோ | ப4 | 4.2 | 550 |
| 18 | கொழும்பு – கண்டி, பஸ் | ப5 | 4.2 | 500 |
| 18 | கண்டி – ஹட்டன், வான் பங்கு 1/3 | ப6, அ1 | 4.5 | 3,000 |
| 16–18 | இரவுப் படி, 3 × 1,000 | – | 6.2 | 3,000 |
| | மொத்தம் | | | 25,310 |
| | பெற்ற முற்பணம் | | | 30,000 |
| | திருப்பிச் செலுத்தியது | வங்கிச் சீட்டு | 8.3 | 4,690 |

சாப்பாட்டு வரியைக் கவனியுங்கள். மூன்று நாள் பயணம் என்றாலும் மூன்று இரவுப் படி மட்டும்தான். முதல் நாள் பகல் சாப்பாடு முடிந்துதான் புறப்பட்டார். இரண்டு காலையும் விடுதி விலையிலேயே அடங்கியது, இரண்டு பகலும் பயிற்சியில் தந்தார்கள். பயிற்சி நிகழ்ச்சி நிரலில் "பகல் உணவு" என்று எழுதியிருக்கும், அதன் ஒரு நகலும் பைலில்தான் போகிறது. அதற்குப் பக்கத்தில் பகல் படியும் கேட்டால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதற்குப் பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

விடுதி பில் 17,700, கேட்பது 17,000. சலவை அவருடைய சொந்தச் செலவு. பில்லும் பட்டியலும் பொருந்தாத இடம் என்பதால் பில்லுக்குப் பக்கத்தில் "சலவை ரூ. 700 கோரப்படவில்லை" என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி எழுதாவிட்டால் கூட்டல் பிழையா, மறைப்பா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

உறுதிமொழி நீளமாக வேண்டாம்:

"ஜூலை 17, 18ஆம் திகதிகளில் விடுதிக்கும் பயிற்சி நிலையத்துக்கும் இடையே தனியார் பஸ்ஸில் மூன்று தடவை பயணம் செய்தேன். ஒரு தடவைக்குக் கட்டணம் ரூ. 60. டிக்கெட் வழங்கப்படவில்லை. மொத்தம் ரூ. 180." பெயர், கையொப்பம், திகதி.

இதைப் பெரிய தொகைகளுக்குப் பயன்படுத்தத் தோன்றும். கொழும்பு–கண்டி டிக்கெட்டைத் தொலைத்துவிட்டால் 500 ரூபாவை 4.3இன் கீழ் போட முடியாது, ஏனென்றால் 200 ரூபா எல்லை தாண்டிவிட்டது. அப்படியான நேரம் தொலைந்ததை நேராக எழுதி, முகாமையாளரின் கையொப்பத்தோடு விதிவிலக்காகக் கேளுங்கள். இரண்டு மூன்று சிறிய பயணங்களாகப் பிரித்துக் காட்டுவது பொய்க் கணக்கு. நேர்மையாகக் கேட்ட விதிவிலக்கு மறுக்கப்பட்டாலும் போவது 500 ரூபாதான்.

முகப்புக் குறிப்பு

பட்டியலுக்கு மேல் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று. படிவமும் குறிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள், உள்ளடக்கம் இதுதான்:

"கணக்காளர், நிதிப் பிரிவு. ஜூலை 17, 18ஆம் திகதிகளில் கொழும்பில் நடந்த பயிற்சிக்காக 16 முதல் 18 வரை சென்றுவந்த பயணச் செலவு ரூ. 25,310. பயண அனுமதியின் நகலும் பயிற்சி நிகழ்ச்சி நிரலும் இணைப்பில் உள்ளன. முற்பணம் ரூ. 30,000இல் மீதி ரூ. 4,690 வங்கியில் செலுத்தப்பட்டுச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.

வழமைக்கு மாறான ஒரு செலவு உள்ளது. 18ஆம் திகதி ஏ7 வீதி மண்சரிவால் மூடப்பட்டதால் கண்டி வழியாகத் திரும்பினேன். கண்டியிலிருந்து ஹட்டனுக்கு அன்றைய பஸ் சேவை முடிந்திருந்தது. சரத்து 4.5இன்படி முகாமையாளரின் முன் அனுமதி பெற்று (அ1), மூவர் பகிர்ந்த வானில் என் பங்கு ரூ. 3,000 செலுத்தினேன் (ப6). கண்டியில் ஓர் இரவு தங்குவதைவிட இது குறைந்த செலவு. வீதி மூடப்பட்ட அறிவித்தல் இணைப்பில் உள்ளது."

வழமையான செலவுகளை இங்கே விளக்க வேண்டாம், அவற்றுக்குப் பட்டியல் போதும். வழமைக்கு மாறானதை மட்டும் நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சரத்தின் முழு வாசகத்தையும் எழுதத் தேவையில்லை, எண் போதும். ஆனால் கொள்கை அண்மையில் திருத்தப்பட்டிருந்தால் எந்தத் திகதிப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று குறிப்பிடுங்கள், பழைய பிரதியின் எண் மாறியிருக்கலாம்.

கொடுப்பதும் அதன் பிறகும்

வியாழன் இரவு வீடு வந்தால், வெள்ளிக்கிழமையை முதல் வேலை நாளாக எண்ணி, அடுத்த வாரம் திங்கள் கழிந்து அதற்கடுத்த திங்கள்தான் ஏழாவது நாள். இடையில் போயா விடுமுறை ஒன்று வேலை நாளில் வந்தால் ஒரு நாள் தள்ளும். ஆனால் கடைசி நாள் என்பது நிதிப் பிரிவின் கைக்குக் கிடைக்கும் நாளா, நீங்கள் அனுப்பும் நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலையகத்திலிருந்து மூலப்பிரதிகள் தபாலிலோ கூரியரிலோ போவதால் இது முக்கியம். முகாமையாளரின் கையொப்பம் வாங்கியதும் முழுக் கட்டையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, மூலப்பிரதிகளைப் பின்னால் அனுப்புவது நல்லது. அனுப்பும் முன் மொத்தத்தை இன்னொரு வழியிலும் கூட்டிப் பாருங்கள்: போக்குவரத்து 5,310, தங்குமிடம் 17,000, சாப்பாடு 3,000. இதுவும் 25,310 வர வேண்டும்.

ஒரு வரியை வெட்டிவிட்டார்கள் என்றால் எந்தச் சரத்தின் கீழ் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆதாரம் குறைவு என்றால் அந்த வரியை மட்டும், பழைய கிளெய்மின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, புதிய ஆதாரத்தோடு திரும்ப அனுப்பலாம். வெட்டிய தொகையை அடுத்த பயணத்தின் கிளெய்மில் சேர்த்துவிடாதீர்கள். அங்கே அது வேறு திகதி, வேறு அனுமதியின் கீழ் வரும், ஒரே செலவை இருமுறை கேட்டதாகவும் பதிவாகிவிடும்.